Re: குழும கம்பெனிகளுக்கு இடையே போடும் இன்வாய்ஸ் – தமிழில் என்ன பெயர்?

கவிதா எழுதியது:

வணக்கம். ERPNext மென்பொருளின் தமிழாக்கத்தில் ஒரு புலத்தில் நிற்கிறேன்: `Inter Company Invoice Reference`. ஒரே குழுமத்தைச் சேர்ந்த இரண்டு கம்பெனிகள் ஒன்றுக்கொன்று போட்டுக்கொள்ளும் இன்வாய்ஸ். இப்போதைக்கு "உள்குழும விலைப்பட்டியல்" என்று வைத்திருக்கிறேன். அதே திரையில் `Is Internal Customer` என்றும் ஒன்று வருகிறது. இரண்டுக்கும் "உள்" போட்டால் போதுமா? கணக்குத் துறையில் இருப்பவர்கள் சொன்னால் நல்லது.

ரஹ்மான் எழுதியது:

"கிளைப் பட்டியல்" என்று வையுங்கள், எல்லாருக்கும் புரியும். எங்களுக்குச் சென்னையில் குடோன், பெங்களூரில் கடை. சரக்கு அனுப்பும்போதெல்லாம் இன்வாய்ஸ் போட்டுத்தான் அனுப்புகிறோம். நமக்கு நாமே போட்டுக்கொள்வதுதானே. இதற்குப் போய் இவ்வளவு யோசனையா?

சண்முகம் எழுதியது:

ரஹ்மான் தம்பி, நீங்கள் சொல்வது வேறு விஷயம். உங்கள் சென்னையும் பெங்களூரும் ஒரே கம்பெனி, ஒரே பான் எண். மாநிலம் மாறுவதால் ஜிஎஸ்டி மட்டும் அவற்றை இரண்டு ஆளாகப் பார்க்கிறது. வருமான வரிக்கு நீங்கள் ஒரே ஆள்தான், அங்கே லாபமே பிறக்காது. கவிதா கேட்பது இரண்டு பான் எண், இரண்டு இயக்குநர் குழு, இரண்டு வரிக்கணக்கு உள்ள கம்பெனிகளைப் பற்றி. ஒன்றின் வருமானம் மற்றதற்குச் செலவு.

அதனால்தான் "உள்" என்ற சொல் எனக்கு இடிக்கிறது. "உள்" என்றதும் வீட்டுக்குள் கைமாற்று என்ற நினைப்பு வந்துவிடும். தணிக்கையில் நான் பார்த்த கோளாறுகளில் பாதி அந்த நினைப்பில் வந்ததுதான்.

பிரபு எழுதியது:

சண்முகம் ஐயா, ஒரு சந்தேகம். வாங்குகிற கம்பெனிக்கு முழு வரி வரவு கிடைக்கும் என்றால், இன்வாய்ஸில் போட்ட விலையையே சந்தை விலையாக ஏற்க வேண்டும் என்று ஜிஎஸ்டி 28ஆம் விதி சொல்கிறது. நூறு ரூபாய் போட்டாலும் சரி, லட்சம் போட்டாலும் சரி. இன்வாய்ஸே போடாவிட்டால் மதிப்பு பூஜ்யம் என்றுகூட சுற்றறிக்கை வந்திருக்கிறது. அப்படியிருக்க விலையைப் பற்றி இவ்வளவு பயம் எதற்கு? பெயரில் விலை என்ற சொல்லே வேண்டாம், "குழுமச் சிட்டை" போதும்.

சண்முகம் எழுதியது:

பிரபு சொன்ன விதி சரி. ஆனால் "முழு வரி வரவு" என்ற மூன்று சொல்லைத் தாண்டி ஓடிவிட்டார். ஒரு கணக்கைப் போட்டே காட்டுகிறேன். எண்கள் நான் வைத்தவை, நிலைமை நிறையக் குழுமங்களில் இருப்பது.

கோவையில் ஒரு தாய்க் கம்பெனி. அதற்குக் கீழே வால்வு தயாரிக்கும் கம்பெனி ஒன்று, மருத்துவமனை நடத்தும் கம்பெனி ஒன்று. மூன்றுக்கும் கணக்கு எழுதுவது தாய்க் கம்பெனியின் கணக்கு அறை. சம்பளம், வாடகை, மென்பொருள் எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 40 லட்சம் செலவு. முதலில் இதிலிருந்து 4 லட்சத்தைக் கழிக்க வேண்டும். குழுமத்தின் ஒருங்கிணைந்த கணக்கைத் தயாரிப்பது, தாய்க் கம்பெனியின் வங்கிக்கு அறிக்கை அனுப்புவது ஆகிய வேலைகளுக்கான செலவு அது. பங்குதாரர் என்ற முறையில் தாய்க் கம்பெனி தனக்காகச் செய்துகொள்ளும் வேலை. வால்வுக் கம்பெனி தனியாக இருந்திருந்தால் இதற்குக் காசு கொடுத்திருக்குமா? கொடுத்திருக்காது. ஆகவே அதன் தலையில் கட்டக்கூடாது.

மிச்சம் 36 லட்சம். அந்த அறை ஆண்டுக்கு 18,000 பில்களைப் பதிவு செய்கிறது: தாய்க் கம்பெனிக்கு 6,000, வால்வுக்கு 3,000, மருத்துவமனைக்கு 9,000. பில்லுக்கு 200 ரூபாய். வால்வுக்கு 6 லட்சம், மருத்துவமனைக்கு 18 லட்சம். இதன் மேல் 10 சதவீதம் வைத்தால் 6.6 லட்சமும் 19.8 லட்சமும் ஆகும்.

இப்போது 18 சதவீத ஜிஎஸ்டி. வால்வுக் கம்பெனி கட்டும் 1,18,800 ரூபாயும் அதற்கு வரவாகத் திரும்பி வந்துவிடும். இங்கே பிரபு சொன்னது அப்படியே பொருந்தும், இன்வாய்ஸில் போட்ட விலைதான் மதிப்பு. மருத்துவமனை கட்டும் 3,56,400 ரூபாயின் கதை வேறு. சிகிச்சைக்கு ஜிஎஸ்டி விலக்கு இருப்பதால் அந்த வரி, பெரும்பாலும் செலவாகவே நின்றுவிடும். வெளி நோயாளிகளுக்கு மருந்துக் கடையில் விற்பதற்குக் கொஞ்சம் வரவு கிடைக்கலாம். கொஞ்சம் கிடைப்பது முழுது ஆகாது. எனவே அந்தச் சலுகை இங்கே இல்லை. மருத்துவமனைக்குச் செலவு குறையட்டும் என்று 5 லட்சத்துக்கு இன்வாய்ஸ் போட்டால், அதிகாரி சந்தை விலையைத் தேடுவார். அதுவும் ஒத்த சேவையின் விலையும் கிடைக்காவிட்டால், அடக்கச் செலவில் 110 சதவீதம் என்ற விதிக்கு வரலாம். அது 19.8 லட்சம். வித்தியாசத்துக்கு வரி, வட்டி.

ஒரே அறை, ஒரே வேலை. வாங்குபவர் யார் என்பதைப் பொறுத்து ஒரு இன்வாய்ஸின் விலையைக் கேள்வி கேட்கலாம், இன்னொன்றைக் கேட்க முடியாது.

பிரபு எழுதியது:

மருத்துவமனை விஷயம் ஒத்துக்கொள்கிறேன் ஐயா. ஆனால் வால்வுக்கு இன்வாய்ஸே போடாமல் விடலாம் அல்லவா? 2023 ஜூலை சுற்றறிக்கை 199 அப்படித்தான் சொல்கிறது.

சண்முகம் எழுதியது:

அது ரஹ்மானைப் போன்றவர்களுக்கு, அதுவும் சரக்குக்கு அல்ல, சேவைக்கு மட்டும் உதவும். தலைமை அலுவலகத்துக்கும் அதன் கிளைகளுக்கும், அதாவது ஒரே பான் எண்ணுக்குள், எழுதியது அது. 2024 ஜூனில் வந்த சுற்றறிக்கை 210, வெளிநாட்டில் உள்ள உறவுக் கம்பெனியிடமிருந்து வாங்கும் சேவைக்கும் அதே சலுகையை நீட்டியது. உள்நாட்டிலேயே இரண்டு தனித்தனிக் கம்பெனிகள் என்றால் இரண்டிலும் நேரடியாக ஒரு வரியும் இல்லை. நீட்டிப் படிக்கலாம் என்று வாதாடும் வழக்கறிஞர்கள் உண்டு. நான் என் கட்சிக்காரருக்கு அப்படிச் சொல்ல மாட்டேன், மாதம் ஒரு இன்வாய்ஸ் போட்டுவிடு என்பேன்.

மாலதி எழுதியது:

சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன். எங்கள் அலுவலகம் சென்னையில் உள்ள குழும கம்பெனிக்கு நிர்வாகச் சேவை கொடுக்கிறது. ஏப்ரல் இறுதியில்தான் ஆண்டு இன்வாய்ஸ் அனுப்புவோம். சென்னைக்காரர்கள் மார்ச் 31 அன்றே அந்தத் தொகையைச் செலவு ஒதுக்கீடாகப் புத்தகத்தில் எழுதிவிட்டார்கள். அப்புறம் தணிக்கையில், எழுதிய அன்றே அவர்கள் எதிர்க்கட்டண முறையில் ஜிஎஸ்டி கட்டியிருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். இன்வாய்ஸே வராத நேரத்தில் வரியா என்று எங்கள் தரப்பில் ஒரே குழப்பம்.

இன்னொன்று: இங்கே வரி ஆணையம் கணக்கு, மனிதவளம் போன்ற வழக்கமான துணைச் சேவைகளுக்குச் செலவின் மேல் 5 சதவீதம் வைத்தால், நிபந்தனைகளுடன் ஏற்றுக்கொள்கிறது. நீங்கள் 10 என்கிறீர்கள். எது சரி?

சண்முகம் எழுதியது:

தணிக்கையாளர் சொன்னது சரிதான் அம்மா. வெளியாளிடம் சேவை இறக்குமதி செய்தால் விதி வேறு. உறவுக் கம்பெனியிடம் என்றால், வாங்குபவர் புத்தகத்தில் எழுதிய நாள் அல்லது பணம் கொடுத்த நாள், எது முந்தியதோ அதுதான் வரி பிறக்கும் நாள். மார்ச் 31 பதிவே போதும்.

10 சதவீதம் என்று நான் போட்டது ஜிஎஸ்டி விதியின் கணக்குக்காக. எல்லை தாண்டினால் இரண்டு நாட்டு வருமான வரியும் ஒரே கேள்வியைத்தான் கேட்கும்: முன்பின் தெரியாத ஒருவன் இதே வேலையை என்ன விலைக்குச் செய்திருப்பான்? 5 என்பது உங்கள் நாடு தரும் சலுகை. இந்தியா அதை ஏற்றே ஆக வேண்டும் என்று இல்லை. சென்னைக் கம்பெனி தொகை எவ்வளவு சிறியதானாலும் கணக்காளர் சான்றளிக்கும் அறிக்கையில் காட்ட வேண்டும். ஆண்டுக்கு ஒரு கோடியைத் தாண்டினால், விதித்த ஆவணங்கள் எல்லாம் கையில் இருக்க வேண்டும்.

கவிதா எழுதியது:

ஐயா, அந்தக் கேள்வியிலேயே ஒரு சொல் கிடைத்துவிட்டது போல இருக்கிறது. முன்பின் தெரியாதவன் வாங்கும் விலை, "அயலார் விலை". arm's length price என்பதை இதுவரை "கைநீள விலை" என்று எழுதி வைத்திருந்தேன், படித்தவர்கள் சிரித்தார்கள்.

ஆவணங்கள் என்றீர்களே, இன்வாய்ஸ் தவிர வேறு என்ன இருக்க வேண்டும்? திரையில் இணைப்புகளுக்கும் பெயர் வைக்க வேண்டியிருக்கிறது.

சண்முகம் எழுதியது:

அயலார் விலை. நன்றாக இருக்கிறது, நான் இன்றிலிருந்தே புழங்குகிறேன்.

ஆவணம் பற்றி. நான் அதிகம் பார்த்த இன்வாய்ஸில் ஒரே வரிதான் இருக்கும்: "நிர்வாகக் கட்டணம் – 19,80,000". தேதி மார்ச் 31. இதை மட்டும் வைத்துக்கொண்டு யாரையும் நம்ப வைக்க முடியாது. ஆண்டு தொடங்கும் முன்பே கையெழுத்தான ஒப்பந்தம் வேண்டும், அதில் என்ன வேலை, எந்த அடிப்படையில் பிரிப்பது என்று இருக்க வேண்டும். 40 லட்சம் எந்தெந்தக் கணக்கிலிருந்து வந்தது, 4 லட்சம் ஏன் கழிந்தது என்று ஒரு தாள். 18,000 பில் என்ற எண்ணிக்கையை மென்பொருளிலிருந்து எடுத்த அறிக்கை. பலர் கோட்டைவிடுவது வேலை நடந்ததற்கான சான்றை. மருத்துவமனைக்கு மாதாமாதம் அனுப்பிய கணக்கறிக்கை, அவர்கள் கேட்ட கேள்விகள், மின்னஞ்சல்கள். விலை சரியாக இருந்தும் வேலை நடந்ததைக் காட்ட முடியாமல் முழுச் செலவையும் இழந்தவர்கள் இருக்கிறார்கள்.

அப்புறம் பணம். குழுமத்துக்குள்தானே என்று இன்வாய்ஸை எழுதிப் போட்டுவிட்டு யாரும் பணம் அனுப்ப மாட்டார்கள். 180 நாளுக்குள் கொடுக்காவிட்டால் வால்வுக் கம்பெனி எடுத்த வரி வரவை வட்டியோடு திருப்ப வேண்டும். பிறகு பணம் கொடுத்தால் மறுபடி எடுத்துக்கொள்ளலாம், வட்டி போனது போனதுதான். கோளாறு இருக்கிறதா என்று ஐந்து நிமிடத்தில் பார்க்க ஒரு வழி: இரண்டு கம்பெனியின் பேரேட்டையும் பக்கத்தில் வைத்து, ஒன்றில் வரவேண்டியதும் மற்றதில் கொடுக்கவேண்டியதும் ஒன்றுதானா, எத்தனை நாள் பழையது என்று பாருங்கள்.

தயாளன் எழுதியது:

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு சிறு குறிப்பு. ஆண்டு முடிவில் விலையைக் கூட்டிக் குறைத்து டெபிட் நோட் போடுவீர்கள்தானே, அதைத் தமிழாக்கும்போது கவனம். உங்களுக்கு டெபிட் பற்று, கிரெடிட் வரவு. இங்கே பாடப்புத்தகத்தில் டெபிட்தான் வரவு. "வரவுக் குறிப்பு" என்று வைத்தால் இரண்டு கரையிலும் தலைகீழாக வாசிப்பார்கள். எழுத்துப்பெயர்ப்பாகவே விடுங்கோ.

விலைப்பட்டியல் என்பதும் எனக்குச் சரிவரவில்லை. கடைச் சுவரில் தொங்கும் விலைப்பட்டியல்தான் கண்ணுக்கு வருது. விலைச்சிட்டை நல்லம்.

ரஹ்மான் எழுதியது:

சரி, என் கிளைக் கதையை விட்டுவிடுகிறேன். ஆனால் "உறவுக் கம்பெனி" என்று சண்முகம் ஐயாவே இரண்டு தடவை எழுதியிருக்கிறார். "உறவு நிறுவன விலைச்சிட்டை" என்று வைத்தால் என்ன?

சண்முகம் எழுதியது:

உறவு என்பது குழுமத்தைவிடப் பெரிய வட்டம். இயக்குநரின் மனைவி நடத்தும் கூட்டு நிறுவனமும் உறவுதான், குழுமம் இல்லை. அதன் இன்வாய்ஸ் இந்தப் புலத்தில் வராது.

கவிதா எழுதியது:

அப்படியானால் `Inter Company Invoice Reference` என்பதற்கு "குழும விலைச்சிட்டை மேற்கோள்" என்று மாற்றுகிறேன். "உள்" என்பதை, ஒரே கம்பெனிக்குள் நடக்கும் மாற்றத்துக்கு மட்டும் வைத்துக்கொள்கிறேன், அதாவது ரஹ்மான் அண்ணனின் குடோனுக்கு. டெபிட் நோட் அப்படியே இருக்கும்.

`Is Internal Customer` மட்டும் இன்னும் தீரவில்லை. மென்பொருள் அந்த ஒரே பெட்டியை கிளைக்கும் குழும கம்பெனிக்கும் சேர்த்துப் பயன்படுத்துகிறது. `Represents Company` புலத்தில் எந்தக் கம்பெனி இருக்கிறது என்பதை வைத்துத்தான் பிரிக்கிறது. ஒரே பெட்டிக்கு இரண்டு பெயர் வைக்க முடியாது. யாருக்காவது ஏதாவது தோன்றுகிறதா?

பிரபு எழுதியது:

"குழுமம் சார்ந்தவர்"? கிளைக்கும் பொருந்துகிறது. கொஞ்சம் அரசியல் கட்சி வாடை அடிக்கிறது, அதுதான் யோசனை.