இரண்டு மாதம் முன்னாடியே என்ன விலை சொல்றது?

புதுசு: கல்யாணத்துக்கும் கோயிலுக்கும் பூ அலங்காரம் செய்து தரும் தொழில் தொடங்கப் போகிறேன். பூ விலை தினம் மாறுகிறது, ஆனால் கல்யாண வீட்டார் இரண்டு மாதம் முன்பே தொகை கேட்கிறார்கள். எப்படிச் சொல்வது?

ராசு: ஒரே தொகையா சொல்லிடுங்க. இன்றைய சந்தை விலையோட பாதி கூட்டிக்கிட்டா போதும்.

மாலைகட்டி: பாதி எங்கே போதும் ராசு? முகூர்த்த நாளில் மல்லிகை இரண்டு, மூன்று மடங்கு ஏறுவது வழக்கம்தான். தை மாதம் இன்னும் மோசம். பனியில் வரத்து குறையும், முகூர்த்தமோ வரிசையாக வரும். பந்தல், துணி, ஆள்கூலி, வண்டி இவற்றுக்கு உறுதியான தொகை சொல்லுங்கள். உதிரிப்பூவுக்கு மட்டும் கிலோ கணக்கும் ஒரு உச்ச விலையும் எழுதுங்கள். அதைத் தாண்டினால் மல்லிகைக்குப் பதில் சம்பங்கி என்று அப்போதே ஒப்புக்கொள்ள வையுங்கள்.

ராசு: இவ்வளவு எழுதினா கல்யாண வீட்டார் அடுத்த கடைக்குப் போயிடுவாங்க.

வள்ளி: எங்க வீட்டு விசேஷத்துக்கு பிளாஸ்டிக் பூவே வச்சோம். இந்தத் தலைவலியே இல்லை.

மாலைகட்டி: அவர் கேட்டது நிஜப்பூ, வள்ளியம்மா. கிலோ கணக்கு போட ஒரு வழி இருக்கிறது. ஓர் அடி சரம் கோர்த்து, எத்தனை பூ பிடித்தது என்று எண்ணுங்கள். செண்டுமல்லி அடிக்கு 10 என்று வையுங்கள். 8 அடிச் சரம் 40 வேண்டுமானால் 320 அடி, 3200 பூ. கிலோவுக்கு 150 பூ நின்றால் 21 கிலோ சொச்சம். நசுங்கியது, காம்பு ஒடிந்தது என்று நூற்றுக்குப் பதினைந்து கழியும், ஆக 25 கிலோ. பூவின் அளவு மாறினால் எண்ணிக்கையும் மாறும், அதனால் ஒவ்வொரு முறையும் எடை போட்டுப் பாருங்கள்.

சேகர்: விலை குறைவான நாளில் இரண்டு நாள் முன்பே வாங்கி, மூட்டையோடு ஈரச்சாக்கு போட்டு வைத்தால் என்ன?

மாலைகட்டி: முன்கூட்டி வாங்குவது செண்டுமல்லிக்கு ஒரு நாள்வரை சரி, ஈரச்சாக்குதான் தவறு. மூட்டைக்குள் கைவிட்டுப் பாருங்கள், நடுவில் சூடாக இருக்கும். பூ மூச்சுவிடும் சூடு வெளியேற வழியில்லாமல் அங்கேதான் முதலில் அழுகும். நிழலில் மெல்லிசாகப் பரப்புங்கள். மழையில் நனைந்த பூவை வாங்கவே வேண்டாம், தண்ணீருக்கும் சேர்த்துக் காசு கொடுப்பீர்கள். மல்லிகை வேறு கதை. காலையில் வாங்கிய மொட்டு மாலையில் விரிந்துவிடும். வரவேற்புக்கு நல்லது, விடியற்கால முகூர்த்தத்துக்கு ஆகாது. பனிக்கட்டி பூவில் படாமல் தெர்மாகோல் பெட்டியில் வைத்தால் விரிவது தாமதமாகும், நிற்காது.

புதுசு: மிஞ்சிய பூவைக் கோயிலுக்குக் கொடுக்கலாமா?

மாலைகட்டி: கட்டாத, மணவறையில் ஏறாத பூ என்றால் கொடுக்கலாம். அலங்காரத்தில் இருந்து கழற்றியது கூடவே கூடாது. தினசரிக் கோயில் பூ லாபத்துக்கு அல்ல, சந்தைக்காரரிடம் தினமும் முகம் காட்டத்தான். முகூர்த்த நாளில் சரக்கு குறையும்போது தினம் வாங்குபவருக்குத்தான் முதலில் எடுத்து வைப்பார்.

ராசு: கோயில் பணம் மாசக்கடைசியில் வரும், சந்தைக்கு அன்றன்றே கட்டணும். அந்த ஒரு மாசத்தை எதை வச்சு ஓட்டுறது, அதைச் சொல்லுங்க முதல்ல.