போனில் பேசினதை மின்னஞ்சலில் எழுதி உறுதிப்படுத்துறது: ஒரு யன்னல் ஓடர்

கொக்குவில் பட்டறை

உடுவிலில ஒரு வீட்டுக்கு அலுமினிய யன்னல் ஓடர். வீட்டுக்காரர் ரொறன்ரோவில. புதன் (11.06.2025) காலமை 7 மணிக்குப் பேசினது. கொப்பியில கிடக்கிற குறிப்பை அப்பிடியே தாறன்:

யன் 6, 4×4. கறுப்பு. 2 ல 60. மு.பணம் 40. காசு நாளைக்கு. அடுத்த வெள்ளி பூட்டி முடியோணும். நுளம்பு நெற் – பாப்பம். பூச்சு அவை.

இதை மின்னஞ்சலா எழுதோணும். "நீங்கள் இப்பிடிச் சொன்னீங்கள்" எண்டு எழுதினால் வழக்குக்கு ஆயத்தம் பண்ணுற மாதிரிக் கிடக்கு. எழுதாமல் விட்டால் பிறகு சண்டை.

ஆவரங்கால் கணக்கர்

எழுத முதல் அந்தக் குறிப்பை ஒருக்கால் வடிவாப் பாருங்கோ. ரெண்டு விதமா விளங்கக்கூடிய இடங்கள் நிறையக் கிடக்கு.

முதலாவது அந்த 40. 260,000 ரூபாவில 40 வீதம் எண்டால் 104,000. நாற்பதாயிரம் எண்டால் 40,000. ரெண்டுக்கும் இடையில 64,000 ரூபா. எங்கட ஆக்கள் பேசேக்க ஆயிரம், லட்சம், வீதம் எல்லாத்தையும் விழுங்கிப்போட்டு வெறும் எண்ணைத்தான் சொல்லுவினம். ஆனபடியால் எழுத்தில வீதம், தொகை ரெண்டும் சேர்ந்து வரவேணும்.

அடுத்தது "நாளைக்கு". உங்களுக்குப் புதன் காலமை 7 மணி எண்டால் ரொறன்ரோவில இன்னும் செவ்வாய் இரவு 9.30. இந்தக் காலத்தில அவை எங்களுக்கு ஒன்பதரை மணித்தியாலம் பின்னுக்கு. அவர் சொன்ன நாளைக்கு, புதன் 11. நீங்கள் கேட்ட நாளைக்கு, வியாழன் 12. "அடுத்த வெள்ளி"யும் அப்பிடித்தான். சிலருக்கு அது 13, சிலருக்கு 20. கிழமையையும் திகதியையும் சேர்த்தே எழுதுங்கோ.

இனி "பாப்பம்". எங்கட ஊரில பாப்பம் எண்டால் பாதி "இல்லை". அதை முடிவாகின பக்கத்தில போடக்கூடாது. "ம்", "சரி சரி" எல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறன் எண்டதுக்கான சத்தம், சம்மதம் இல்லை.

ஞாபகம் உறுதியா இருக்கிறதை உறுதியா எழுதுங்கோ. இல்லாததைக் கேள்வியா எழுதுங்கோ. ஊகத்தை முடிவு மாதிரி எழுதினீங்களெண்டால், அவர் அந்த ஒரு வரியைக் கண்ட உடனே மிச்ச வரியையும் சந்தேகப்படுவார்.

கொக்குவில் பட்டறை

40 எண்டதை நான் வீதம் எண்டுதான் எடுத்தன். சத்தியம் பண்ண ஏலாது. வெள்ளி 20 எண்டது நிச்சயம், "பத்து நாள் கிடக்குத்தானே" எண்டவர்.

நல்லூரான்

இவ்வளவு கஷ்டம் ஏன்? கடைசியில "3 நாளுக்குள் பதில் தராவிட்டால் ஏற்றுக்கொண்டதாகக் கருதப்படும்" எண்டு ஒரு வரி போடுங்கோ. பதில் வராட்டில் அவர் கட்டுப்பட்டவர். சட்டப்படி காணும்.

ஆவரங்கால் கணக்கர்

அந்த வரி கடிதத்தில நல்லாத்தான் தெரியும், நம்பி இருக்க ஏலாது. நாங்களே ஒரு நிபந்தனையை எழுதிப்போட்டு, மற்றவர் பேசாமல் இருந்ததையே சம்மதம் எண்டு பிறகு நிறுவுறது லேசில்லை. அதைவிட முற்பணம் வந்தால் அது பெரிய சாட்சி. அதோட அந்த வரியை வாசிக்கிற மனுசனுக்கு முகம் சுருங்கும்.

காலக்கெடு வேணும்தான். அதுக்கு வேலையில இருந்தே ஒரு காரணத்தைக் காட்டுங்கோ: எண்டைக்கு அலுமினியம் வெட்டத் தொடங்குறீங்கள், அதுக்கு முதல் பதில் ஏன் வேணும் எண்டு. அது மிரட்டலாத் தெரியாது.

நல்லூரான்

அப்ப மின்னஞ்சலே செல்லாதோ? முத்திரை ஒட்டிக் கையெழுத்து வைச்சால்தான் எண்டு ஒருத்தர் சொன்னவர்.

ஆவரங்கால் கணக்கர்

அவர் சொன்னது சரியில்லை. 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டத்தின்படி, இலத்திரனியல் வடிவில இருக்குது எண்ட ஒரே காரணத்துக்காக ஒரு ஒப்பந்தத்தைச் செல்லாது எண்டு தள்ள ஏலாது. யன்னல் ஓடருக்கு அது காணும்.

வடமராட்சி மகள்

எனக்கும் இதேதான். பெரியப்பாவோட காணி விலை போனில பேசி முடிச்சாச்சு. இப்பிடியே மின்னஞ்சல் போட்டு அவர் "சரி" எண்டால் காணி எங்களுக்குத்தானே?

ஆவரங்கால் கணக்கர்

இல்லைத் தங்கச்சி, காணிக்கு இது சரிவராது. நான் சொன்ன சட்டமே காணி விற்பனையைப் புறம்பாக வைச்சிருக்குது. 1840ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, காணி விக்கிறதும் சரி, விக்கிறன் எண்டு உடன்படுறதும் சரி, நொத்தாரிசுக்கும் ரெண்டு சாட்சிக்கும் முன்னால எழுதிக் கையெழுத்து வைக்கவேணும். பெரியப்பாவுக்கு மின்னஞ்சல் போடுறதில பிழையில்லை, விலை ஞாபகத்தில இருக்கும். காணி கைக்கு வராது.

சுன்னாகம் மேசன்

எழுத்து வேலை எனக்குத் தெரியாது. அந்த 4×4 இல ஒரு வில்லங்கம் கிடக்கு. அது எந்த அளவு, பூசின பிறகோ பூச முதலோ? ஒரு பக்கம் அரை இஞ்சிப் பூச்சு எண்டால் ரெண்டு பக்கமும் சேர்ந்து ஒரு இஞ்சி போகும். கல்லில நாலடி விட்ட இடம் பூசி முடிய மூண்டடி பதினொரு இஞ்சிதான். நாலடிக்கு வெட்டின நிலை உள்ளுக்குப் போகாது, பிறகு பூச்சைக் கொத்தவேணும்.

"பூச்சு அவை" எண்டு கிடக்கு. அவை எப்ப பூசி முடிப்பினம்? அவை பூசாமல் நீங்கள் 20ஆம் திகதி எப்பிடிப் பூட்டுறது?

ஆவரங்கால் கணக்கர்

மேசன் சொன்னதுதான் இந்த மின்னஞ்சலின்ர நடுப்பாகம். திகதி உங்கட பொறுப்பு, பூச்சு அவையின்ர பொறுப்பு. ரெண்டையும் ஒரே வரியில கட்டிப்போடவேணும். ஆனால் போனில பேசாத நிபந்தனையைப் பேசினது மாதிரி எழுதாதேங்கோ. பேசினதை முதலில எழுதி, பேசாததை வேறாக்கிக் கேளுங்கோ.

"நீங்கள் சொன்னீங்கள்" எண்டு எழுதுறதுக்குப் பதிலா "என் குறிப்பின்படி" எண்டு எழுதினால் பிழை இருந்தாலும் அது குறிப்பின்ர பிழை. அவருக்குத் திருத்துறது லேசு. இப்பிடிப் பாருங்கோ:

> விடயம்: உடுவில் வீடு, 6 யன்னல்கள் – 11.06.2025 தொலைபேசியில் பேசியவை
>
> வணக்கம் அண்ணா,
>
> இன்று காலை 7.00 மணிக்கு (உங்கள் நேரம் செவ்வாய் இரவு 9.30) நேரம் ஒதுக்கிப் பேசியதற்கு நன்றி. என் குறிப்பின்படி பேசி முடித்தவற்றைக் கீழே எழுதியிருக்கிறேன். நான் எதையாவது பிழையாக விளங்கியிருந்தால் தயவுசெய்து திருத்தி அனுப்புங்கள்.
>
> கறுப்பு நிற அலுமினிய யன்னல்கள் 6, ஒவ்வொன்றும் 4 அடிக்கு 4 அடி. மொத்த விலை ரூபா 260,000. சுவர்ப் பூச்சு வேலை உங்கள் தரப்பில். யன்னல்களை 20.06.2025 வெள்ளிக்கிழமைக்குள் நாங்கள் பூட்டி முடிப்போம்.
>
> இரண்டு விடயங்களை உங்களிடம் கேட்டுத் தெளிவாக்க வேண்டும்.
>
> 1. முற்பணம் 40 வீதம் (ரூபா 104,000) என்று விளங்கிக்கொண்டேன். அது சரியா, அல்லது ரூபா 40,000 என்றா சொன்னீர்கள்? பணத்தை ரொறன்ரோ நேரப்படி புதன் 11ஆம் திகதி அனுப்புவீர்கள் என்று எடுத்துக்கொள்ளலாமா?
>
> 2. பூச்சு எந்தத் திகதியில் முடியும்? இதை நாம் போனில் பேசவில்லை. பூசி முடிந்த பிறகு அளந்து வெட்டினால்தான் நிலை சரியாகப் பொருந்தும். 14ஆம் திகதி சனிக்கிழமைக்குள் அளக்க முடிந்தால் 20ஆம் திகதி தவறாது. பூச்சு பிந்தினால் அத்தனை நாள் எங்கள் வேலையும் பிந்தும்.
>
> நுளம்பு நெற் பற்றி இன்னும் முடிவெடுக்கவில்லை. மேலே உள்ள விலையில் அது சேரவில்லை.
>
> உங்கள் பதில் கிடைத்த பிறகே வெட்டத் தொடங்குவோம்.
>
> அன்புடன்,

நெற் பற்றின ரெண்டாவது வசனத்தை வெட்டிப்போடாதேங்கோ. "முடிவெடுக்கவில்லை" எண்டதோட நிப்பாட்டினால், பிறகு அது இலவசமா வருமெண்டு அவர் எதிர்பார்ப்பார்.

அண்டைக்கே அனுப்புங்கோ. ரெண்டு நாள் போனால் உங்கட ஞாபகமும் அவரின்ர ஞாபகமும் வேறு வேறு வழியால போயிடும். கொப்பித் தாளையும் கிழிக்காதேங்கோ.

மானிப்பாய் தட்டச்சு

ஒரு சின்ன விசயம். கடைக் கணினியில பாமினி எழுத்துருவில அடிச்சு அப்பிடியே மின்னஞ்சலில ஒட்டாதேங்கோ. அவரின்ர போனில அம்மா எண்டது `mk;kh` எண்டு விழும். மனுசன் வைரஸ் எண்டு அழிச்சுப்போடுவார். யூனிகோட்டில அடியுங்கோ, இல்லாட்டில் மாற்றிப்போட்டு ஒட்டுங்கோ. அனுப்ப முதல் உங்கட சொந்தப் போனுக்கு ஒருக்கால் அனுப்பித் திறந்து பாக்கிறது நல்லது.

நல்லூரான்

வட்ஸ்அப்பில வொய்ஸ் போட்டால் முடிஞ்சுது. இவ்வளவு எழுத்து ஏன்?

மானிப்பாய் தட்டச்சு

வொய்ஸுக்குள்ள 104,000ஐத் தேடிப் பாருங்கோ அண்ணை. அதோட வட்ஸ்அப்பில எழுதினதை 15 நிமிசத்துக்குள்ள மாத்தலாம், எல்லாருக்கும் அழிக்கவும் ஏலும். மின்னஞ்சல் போட்டுவிட்டு "அனுப்பியிருக்கிறன், பாருங்கோ" எண்டு வட்ஸ்அப்பில சொல்லுங்கோ. ரெண்டும் தேவைதான்.

கொக்குவில் பட்டறை

அனுப்பினன். பதில் வந்திட்டுது: "எல்லாம் ஓகே தம்பி." அவ்வளவுதான்.

சுன்னாகம் மேசன்

பூச்சு எப்ப முடியும் எண்டு கேட்டதுக்கு ஓகேயோ?

நல்லூரான்

ஓகே எண்டால் ஓகேதான். வெட்டுங்கோ.

ஆவரங்கால் கணக்கர்

வெட்டாதேங்கோ. மேல் பந்திக்கு அந்த ஓகே காணும். "இதுவா, அதுவா" எண்டு கேட்டதுக்கு ஓகே ஒரு பதிலில்லை. பிழை உங்களிலதான் எண்டு சொல்ல வரேல்லை, என்ர வரைவிலயும் ஒரு குறை கிடக்கு: முதலாவது கேள்விக்குள்ளேயே ரெண்டு கேள்வியை அடைச்சிட்டன். ஆக்கள் கடைசியாக் கண்டதுக்குத்தான் பதில் எழுதுவினம்.

முழுக் கடிதத்தையும் திருப்பி அனுப்பவேண்டாம். அதே மின்னஞ்சலுக்கு மறுமொழியாச் சின்னதா எழுதுங்கோ:

> நன்றி அண்ணா. முற்பணத்தை ரூபா 104,000 என்றே பதிந்துகொள்கிறேன். வேறு தொகை என்றால் சொல்லுங்கள். பூச்சு முடியும் திகதியை மட்டும் அறியத் தந்தால் அளக்க வருவோம்.

ஓகே எண்டு சொன்னவருக்கு இப்ப தொகையை நேரா எழுதலாம். திகதிக்கு ஓகே எண்டு எழுத வழியில்லை, ஒரு எண் போட்டே ஆகவேணும்.

சுன்னாகம் மேசன்

தொகையைப் பதியுறது எனக்குச் சரியாப் படேல்லை. அதுக்கு ஒரு போன் எடுக்கலாம்தானே?

ஆவரங்கால் கணக்கர்

எடுக்கலாம். எடுத்தால் அதையும் எழுதவேணும்.

கொக்குவில் பட்டறை

இன்னொண்டு. உடுவிலில வீட்டைப் பாக்கிறது அவரின்ர மச்சான். பூச்சுத் திகதியை அவர்தான் சொல்லுவார். அவருக்கும் பிரதி போடலாமோ? போட்டால் தன்னை விட்டிட்டு மச்சானிட்டைப் போறன் எண்டு அண்ணை நினைப்பாரோ எண்டு கிடக்கு.