சுளுக்கு என்றார்கள், ஒன்பதாம் நாள் எலும்பு விலகியிருந்தது

ஜன்னலோரம்:

என் மகனுக்கு ஐந்தரை வயது. மூன்று மாதங்களுக்கு முன்பு ஊஞ்சலிலிருந்து தாவி இறங்கும்போது இடது கையை ஊன்றி விழுந்தான். பத்து நிமிடம் அழுதான், பிறகு ஓய்ந்துவிட்டான். இரவு பார்த்தால் முழங்கையின் வெளிப்பக்கம் மட்டும் வீங்கியிருந்தது. உள்பக்கம் எப்போதும் போலத்தான் இருந்தது. ஒரே பக்கத்தில் வீங்கியிருப்பதை நான் பொருட்படுத்தவில்லை. இன்றுவரை அது உறுத்துகிறது.

மறுநாள் ஒரு மருத்துவமனையில் நேராகவும் பக்கவாட்டிலும் இரண்டு எக்ஸ்ரே எடுத்தார்கள். பணியிலிருந்த மருத்துவர் பார்த்துவிட்டு, "எலும்பு நன்றாக இருக்கிறதம்மா, சுளுக்குதான்" என்றார். பேண்டேஜ் சுற்றி, வலிக்கு மருந்து எழுதிக்கொடுத்து அனுப்பினார்கள். நிம்மதியாகத்தான் வீட்டுக்கு வந்தேன்.

நான்காம் நாள் குளிப்பாட்டுவதற்காகக் கட்டைப் பிரித்தேன். முழங்கையின் வெளிப்பக்கத்தில் ஊதாவாகக் கன்றியிருந்த இடம் முன்கை வரை இறங்கி, ஓரங்களில் மஞ்சளடித்திருந்தது. வீக்கம் துளியும் வடியவில்லை. "எங்கே வலிக்கிறது, ஒரே ஒரு விரலால் காட்டு" என்றேன். வெளிப்பக்க எலும்பு முனைக்கு நேரே விரலைக் கொண்டுபோனான், ஆனால் தொடவில்லை. தொட்டால் வலிக்கும் என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது. கையை ஓரளவு மடக்கினான், நீட்டும்போது பாதியில் நின்றுவிட்டது. சுளுக்கு என்றால் நான்கு நாளில் இப்படியா இருக்கும் என்று அப்போதுதான் சந்தேகம் வந்தது. அதற்குப் பிறகும் "மருத்துவரே சொன்னாரே" என்று சில நாட்களைக் கடத்தினேன்.

ஒன்பதாம் நாள் குழந்தைகளுக்கான எலும்பு மருத்துவரிடம் போனோம். அவர் பழைய படத்தைத்தான் முதலில் கேட்டார். வெளிப்பக்க ஓரத்தில் நகக்கீற்றைப் போல ஒரு வெள்ளைக் கோடு இருந்தது. "இதை ஏதோ சிறிய சில்லு என்று நினைத்துவிடுவார்கள். இது உடைந்த பெரிய துண்டின் ஒரு விளிம்பு. மிச்சமெல்லாம் குருத்தெலும்பு, அது படத்தில் தெரியாது" என்றார். கையைச் சற்று உள்பக்கமாகத் திருப்பி வைத்து இன்னொரு படம் எடுக்கச் சொன்னார். அதில் இடைவெளி நன்றாகவே தெரிந்தது. கிட்டத்தட்ட 3 மில்லிமீட்டர். மறுநாளே அறுவை சிகிச்சை செய்து, இரண்டு மெல்லிய கம்பிகள் வைத்து, மேற்கை வரை மாவுக்கட்டுப் போட்டார்கள். நான்கு வாரம் கழித்துக் கம்பிகளை எடுத்தார்கள். இப்போது கை முக்கால்வாசி நீள்கிறது.

வேறு யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா? எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?

மாமரத்தடி:

எங்கள் மகளுக்கும் இதே கதைதான்! இரண்டு வயதில் கையைத் தூக்கவே மாட்டேன் என்று தொங்கவிட்டுக்கொண்டு நின்றாள். மருத்துவர் முன்கையைத் திருப்பி மடக்கினார், 'டக்' என்று ஒரு சத்தம். ஐந்தாவது நிமிடத்தில் பொம்மையை எடுத்துக்கொண்டு ஓடினாள். எக்ஸ்ரேகூட எடுக்கவில்லை. இவ்வளவு பயப்பட வேண்டுமா? முதல் நாளே யாராவது திருப்பிவிட்டிருந்தால் சரியாகியிருக்கும்.

எக்ஸ்ரே அறை:

மாமரத்தடி, உங்கள் மகளுக்கு நடந்தது வேறு. கையைப் பிடித்துச் சட்டென்று இழுக்கும்போது, முழங்கையில் ஆரை எலும்பின் தலையைச் சுற்றியிருக்கும் நார் நழுவி இடுக்கில் மாட்டிக்கொள்ளும். பெரும்பாலும் ஒன்றிலிருந்து நான்கு வயதுப் பிள்ளைகளுக்கு வருவது. அதில் வீக்கம் இருக்காது, கன்றிப்போகாது. இந்தப் பையன் விழுந்திருக்கிறான், வீங்கியிருக்கிறது. அந்தக் கையைப் படம் எடுக்காமல் யாரும் திருப்பிப் பார்க்கவே கூடாது. உடைந்த துண்டு ஓரளவு இடத்தில் இருந்தாலும் திருப்புகிற திருப்பில் விலகிவிடும்.

நான் பதினெட்டு வருடமாகப் படம் எடுக்கும் வேலையில் இருக்கிறேன். மருத்துவன் இல்லை, ஆனால் பிள்ளைகளின் முழங்கை என்றால் எங்கள் அறையில் பேச்சே நின்றுவிடும். பிறந்த குழந்தையின் முழங்கையில் எலும்பு முனைகள் எல்லாமே குருத்தெலும்புதான். படத்தில் வெற்றிடமாகத் தெரியும். ஒரு வயது வாக்கில் மேற்கை எலும்பின் வெளிப்பக்கத்தில் முதல் வெள்ளைப் புள்ளி வரும். அதற்குப் பிறகு ஏறக்குறைய இரண்டு வருடத்துக்கு ஒன்று வீதம், பதினொரு வயது வரை ஆறு புள்ளிகள் முளைக்கும். ஐந்தரை வயதில் பாதிதான் முளைத்திருக்கும். முறிவுக்கோடு அந்தத் தெரியாத பாதிக்குள் ஓடினால் படத்தில் எதைப் பார்ப்பது? அதனால்தான் ஜன்னலோரம் சொல்லும் நகக்கீற்று அவ்வளவு முக்கியம். எலும்பு வளரும் குருத்தெலும்பு அடுக்கை வளர்ச்சித் தட்டு என்போம். அதற்குச் சற்று மேலே, எலும்பாகிவிட்ட பகுதியிலிருந்து பிய்ந்து வந்த ஓரம் அது. கோடு அங்கே தொடங்கி, தட்டைக் கடந்து, மூட்டுக்குள் போய் முடிகிறது. நம் கண்ணுக்குத் தெரிவது அந்தத் தொடக்கம் மட்டுமே.

நேர்ப்படத்தில் இடைவெளி குறைவாகத் தெரிவதற்கும் காரணம் இருக்கிறது. துண்டு பெரும்பாலும் பின்னாலும் வெளிப்பக்கமாகவும் நகர்கிறது. நேராகப் பார்த்தால் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து மறைத்துவிடும். கையை உள்பக்கம் திருப்பினால்தான் கதிர் அந்தப் பிளவு வழியாகப் போகும். வெளிப்பக்கம் மட்டும் வீங்கிய பிள்ளை வந்தால் அந்த மூன்றாவது படத்துக்கும் எழுதித் தரலாமா என்று நான் மருத்துவரிடம் கேட்டுவிடுவேன். சிலருக்கு அது பிடிக்காது.

பந்துவீச்சு:

எனக்குத் தெரிந்தவரை இதற்கு ஒரே வழி, இரண்டு கைகளையும் படம் எடுத்து ஒப்பிடுவதுதான். என் பையனுக்குப் பன்னிரண்டு வயதில் மூட்டு பிசகியது. இழுத்துச் சரிசெய்தார்கள், படமும் நன்றாக இருக்கிறது என்றார்கள். ஆனால் கை மடங்கவே இல்லை. மறுகைப் படத்தில் உள்பக்கம் ஓர் எலும்பு முனை இருக்கிறது, அடிபட்ட கையில் அதைக் காணோம். தேடினால் அது பிய்ந்து மூட்டுக்குள்ளேயே போய் மாட்டியிருக்கிறது. பார்த்தவர்கள் எல்லாரும் அதை வேறொரு முனை என்று நினைத்துவிட்டார்கள். மறுகைப் படம் இல்லையென்றால் இன்னும் தேடிக்கொண்டிருப்போம்.

எக்ஸ்ரே அறை:

உங்கள் பையன் விஷயத்தில் அது கைகொடுத்தது உண்மை. அந்த உள்முனை ஐந்து, ஆறு வயதில் தோன்றும். உள்பக்கத்தில் அடுத்து வரும் முனை தோன்றுவது அதற்கும் பின்பு. பின்னது இருக்கிறது, முன்னது இல்லை என்றால் முன்னது எங்கோ போய்விட்டது என்று பொருள். வரிசை தெரிந்தவருக்கு மறுகை தேவைப்படாது, தெரியாதவருக்கு உதவும். ஆனால் ஜன்னலோரத்தின் மகனுக்கு மறுகையை எடுத்திருந்தாலும் பயனிருக்காது. இரு கைகளிலும் அதே வெற்றிடம்தான் தெரிந்திருக்கும்.

பக்கவாட்டுப் படத்தில் ஒன்றைப் பார்க்கலாம். மூட்டுக்குள் ரத்தம் நிரம்பினால், மேற்கை எலும்பின் பின்னால் ஒளிந்திருக்கும் கொழுப்பு வெளியே தள்ளப்பட்டுக் கறுப்பு நிழலாகத் தெரியும். பின்பக்கத்தில் அந்த நிழல் சாதாரணமாகத் தெரியவே கூடாது. தெரிந்தால், கோடு கிடைக்காவிட்டாலும் முறிவு இருப்பதாகவே வைத்துக்கொண்டு கட்டுப்போட்டு, ஒரு வாரத்துக்குள் மறுபடி படம் எடுப்பார்கள். ஆனால் மூட்டின் உறை கிழிந்துவிட்டால் ரத்தம் வெளியே வடிந்து, அந்த நிழலும் வராமல் போகும். உங்கள் மகனுக்கு முன்கை வரை கன்றியதைப் படித்ததும் எனக்கு அதுதான் தோன்றியது. உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

கிளிஞ்சல்:

நான் இந்தக் கதையின் மறுமுனையில் இருக்கிறேன். ஆறு வயதில் மாடிப்படியில் விழுந்தேன். "பிசகல்" என்று கட்டினார்கள், வலி போய்விட்டது, எல்லாரும் மறந்துவிட்டார்கள். துண்டு ஒட்டவே இல்லை என்பது யாருக்கும் தெரியாது. வளர வளர முழங்கை வெளிப்பக்கமாகச் சாய்ந்துகொண்டே போனது. பள்ளியில் கிண்டல் செய்வார்கள், அவ்வளவுதான் என்று விட்டுவிட்டேன். முப்பத்திரண்டு வயதில் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போகத் தொடங்கின. சட்டைப் பொத்தான் போடும்போது விரல் நழுவும். சாய்ந்த மூட்டைச் சுற்றிப் போகும் நரம்பு இத்தனை வருடம் இழுபட்டுத் தேய்ந்திருக்கிறது என்றார்கள். நரம்பை இடம் மாற்றி வைத்தார்கள். மரத்துப்போவது குறைந்தது, பிடியின் பலம் முழுதாகத் திரும்பவில்லை.

வலி போய்விட்டதே என்று மட்டும் யாரும் விட்டுவிடாதீர்கள். எனக்கும் போய்விட்டதுதான்.

ஜன்னலோரம்:

கிளிஞ்சல், படித்துவிட்டு வெகுநேரம் எழுதவே முடியவில்லை. எங்கள் மருத்துவரும் இதைத்தான் சொன்னார். மணிக்கட்டையும் விரல்களையும் நிமிர்த்தும் தசைகள் அந்தத் துண்டில்தான் ஒட்டியிருக்கின்றனவாம். பிள்ளை விரலை அசைக்கும் ஒவ்வொரு முறையும் துண்டு கொஞ்சம் இழுபடுகிறது. மூட்டு நீர் வேறு இடுக்கில் புகுந்துவிடுவதால் மற்ற முறிவுகள் போலத் தானாக ஒட்டிக்கொள்ளாது. 2 மில்லிமீட்டருக்குள் இருந்தால் மாவுக்கட்டு, ஐந்தாறு நாளில் மறுபடி படம். தாண்டினால் கம்பி என்றார். நாங்கள் ஒன்பதாம் நாள் வந்ததால் துண்டை எளிதாக இடத்தில் வைக்க முடிந்தது. சில வாரம் தாண்டியிருந்தால், அதை விடுவிக்கும்போது பின்பக்கத்திலிருந்து வரும் ரத்த ஓட்டம் அறுபடும் ஆபத்து இருந்திருக்கும்.

மாமரத்தடி:

நான் அவசரப்பட்டு எழுதிவிட்டேன், மன்னியுங்கள். ஒரு சந்தேகம்: வளர்ச்சித் தட்டின் குறுக்கே கம்பியைக் குத்தினால் அதுவே வளர்ச்சியைக் கெடுக்காதா?

எக்ஸ்ரே அறை:

கம்பி மெல்லியது, மரையில்லாத வழுவழுப்பான கம்பி, சில வாரங்களில் உருவிவிடுவார்கள். அதனால் கெடுவது அரிது. அந்தத் தட்டும் பெரும் வளர்ச்சிக்கு உரியதல்ல, மேற்கையின் நீளத்தில் ஐந்தில் நான்கு பங்கு தோள்பக்கத் தட்டிலிருந்து வருகிறது. இங்கே பயப்பட வேண்டியது ஒட்டாமல் போவதற்கும் மூட்டு மேற்பரப்பு சமமாக இல்லாமல் படிபோல ஏறி இறங்கிவிடுவதற்கும்.

பந்துவீச்சு:

முதல் நாள் பார்த்த மருத்துவர் மீது புகார் கொடுத்தீர்களா?

ஜன்னலோரம்:

இல்லை. முதல் நாளே மாவுக்கட்டுப் போட்டிருந்தால் விலகியிருக்காதா என்று எலும்பு மருத்துவரிடம் கேட்டேன். "விலகாமல் இருந்திருக்கலாம், கட்டுக்குள்ளும் விலகியிருக்கலாம். அதனால்தான் மறுபடி படம் எடுக்கிறோம்" என்றார். முதல் மருத்துவர் படத்தைத் தவறவிட்டார், சரி. ஆனால் "ஒரு வாரத்தில் திரும்ப வாருங்கள்" என்று அவர் சொல்லாததுதான் எனக்குக் கோபம்.

இப்போது முழங்கையின் வெளிப்பக்கம் சிறிய மேடு இருக்கிறது. எலும்பு கூடுதலாக வளர்ந்திருக்கிறது, கையின் பயன்பாட்டைப் பாதிக்காது என்கிறார்கள். அவன் அதைத் தடவிப் பார்த்து, "இது போகுமா?" என்று கேட்கிறான். ஆறு மாதம் கழித்து எடுக்கும் படத்தில் சாய்வு இருக்கிறதா என்று அளப்பார்கள்.