24 மணி நேர முதல் ரிப்போர்ட்டில் காரணம் எழுத வேண்டுமா? எம்8 த்ரெட் விழாத பிராக்கெட் விஷயம், அவசரம்

ஓசூர்_கியூசி (கேட்டவர்)

வணக்கம். ஓசூர் பக்கம் ஒரு சின்ன மெஷினிங் யூனிட்டில் க்வாலிட்டியில் இருக்கிறேன், இரண்டு வருஷ அனுபவம். இன்று காலை பத்தரைக்குக் கஸ்டமர் லைனிலிருந்து போன். எங்கள் ஸ்டீல் பிராக்கெட்டில் போல்ட் ஏறவில்லை. நான்கு எம்8 ஓட்டைகளில் ஒன்றில் த்ரெட்டே இல்லை, 6.8 மி.மீ. டிரில் மட்டும் போட்டபடி இருக்கிறது. 200 பீஸ் பின் ஒன்றில் இப்படி 3 பீஸ்.

நாளை காலைக்குள் முதல் ரிப்போர்ட் போக வேண்டும். முழு எயிட்-டி ரிப்போர்ட்டுக்கு 14 நாள் தந்திருக்கிறார்கள். எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது: 19-ஆம் தேதி நைட் ஷிப்டில் த்ரெட் வெட்டும் டேப் மாற்றியதாக டூல் ரெஜிஸ்டரில் பதிவு உண்டு, அப்போது டேப் உடைந்திருக்கலாம். மேனேஜர், "19 நைட், டேப் உடைந்தது, ஆபரேட்டர் கவனிக்கவில்லை, பயிற்சி கொடுத்தாயிற்று என்று எழுதி அனுப்பு, முடிந்தது" என்கிறார். போர்ட்டலில் `Probable Cause` என்று ஒரு கட்டம் இருக்கிறது, காலியாக விட்டால் சப்மிட் ஆகாது.

போன வருஷம் வேறொரு பார்ட்டில் இப்படித்தான் முதல் நாளே காரணம் எழுதினேன். பத்து நாள் கழித்து அது தவறு என்று தெரிந்தது. மாற்றி எழுதியதும் இரண்டு ரிப்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேள்வி கேட்டார்கள். எதை இப்போது எழுத வேண்டும், எதைப் பிறகு எழுத வேண்டும்?

கோவை_டர்னிங்

காரணம் எழுதாதீர்கள். அதில் உங்கள் மேனேஜர் சொல்வது தவறு. என் கணக்கில் முதல் ரிப்போர்ட் என்றால் நடந்தது மட்டும்தான்: என்ன பார்ட், என்ன குறை, எத்தனை பீஸ், போட்டோ. மற்ற எல்லாக் கட்டத்திலும் "ஆய்வில் உள்ளது" என்று போடுங்கள். ஸ்டாக் சார்ட்டிங்கும் காரணம் தெரிந்த பிறகு செய்தால் போதும். தெரியாமல் எதைப் பிரிப்பது?

லைன்_பக்கம்

தம்பி, நான் கஸ்டமர் பக்கம். பத்து வருஷமாக இந்த மாதிரி ரிப்போர்ட்களைப் படிக்கிற வேலை. மேலே சொன்னவர் காரணம் பற்றிச் சொன்னது சரி. ஆனால் சார்ட்டிங்கைத் தள்ளிப் போடச் சொன்னதை ஏற்க முடியாது.

முதல் ரிப்போர்ட் என் கையில் வரும்போது எனக்கு இருக்கும் கேள்வி ஒன்றுதான்: இன்று செகண்ட் ஷிப்டில் லைனை ஓட்டலாமா? என் ஸ்டோரில் கிடக்கும் உன் பீஸ்களில் எதை எடுக்கலாம், எதைத் தொடக்கூடாது, நல்ல பீஸை எப்படி அடையாளம் கண்டுபிடிப்பது? இதற்குப் பதில் இல்லாத ரிப்போர்ட்டில் எவ்வளவு அழகான காரணம் இருந்தாலும் எனக்குப் பயனில்லை. ஏன் நடந்தது என்று நான் 14-ஆம் நாள் படித்துக்கொள்கிறேன்.

அதனால் முதலில் இரண்டு விஷயம் சொல். மூன்று பீஸிலும் த்ரெட் இல்லாதது ஒரே ஓட்டையா? உன் பார்ட் இந்த நிமிஷம் எங்கெங்கே, எத்தனை இருக்கிறது?

சேஃப்டி_ராஜபாளையம்

எங்கள் மில்லில் போன மாதம் ஒருவருக்குக் கை விரலில் அடி. இன்ஸ்பெக்டருக்குப் போகும் அறிவிப்பில் சூப்பர்வைசர் "தொழிலாளியின் அஜாக்கிரதை" என்று எழுதிவிட்டார். பிறகு பார்த்தால் மெஷினின் பாதுகாப்பு கார்டில் இருந்த லிமிட் ஸ்விட்சை யாரோ கட்டிப் போட்டிருந்தார்கள். அந்த ஒரு வரியை மாற்ற நாங்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை. உங்களுக்கு அடிபட்டவர் எப்படி இருக்கிறார்? முதலில் ஈஎஸ்ஐ விஷயத்தைப் பாருங்கள்.

ஓசூர்_கியூசி

சார், இங்கே யாருக்கும் அடிபடவில்லை, பார்ட் கம்ப்ளெயிண்ட்தான். ஆனால் நீங்கள் சொன்ன அந்த ஒரு வரி எனக்கும் பொருந்துகிறது, நன்றி.

@லைன்_பக்கம் அண்ணா, போட்டோ கேட்டு வாங்கினேன். மூன்றிலும் 3-ஆம் நம்பர் ஓட்டைதான். மெஷின் நாலு ஸ்பிண்டில் டேப்பிங் எஸ்பிஎம், ஓட்டைக்கு ஒரு டேப். ஸ்டாக் இப்போதுதான் எண்ணி முடித்தேன்: உங்களைப் போன்ற கஸ்டமரின் ஸ்டோரில் 1,200, லாரியில் 400, எங்கள் எஃப்ஜி ஸ்டோரில் 640, டேப்பிங்குக்கு அடுத்த ஸ்டேஜில் 210. லைனில் அந்தப் பின்னில் மிச்சம் 197.

லைன்_பக்கம்

நல்லது. ஒரே ஓட்டை என்பது பெரிய செய்தி. ஒரே ஸ்பிண்டில் பக்கம் கை காட்டுகிறது. இது பார்த்தது, அதனால் முதல் ரிப்போர்ட்டில் எழுதலாம். "டேப் உடைந்தது" என்பது நினைப்பது. அதை எழுதாதே.

இப்போது முக்கியமான இடம். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை பீஸை நிறுத்துவாய்? உன் மேனேஜர் சொல்வதைக் கேட்டால் 19 நைட் ஷிப்ட் மட்டும். அதாவது சந்தேகம்தான் எல்லையைப் போடுகிறது. சந்தேகம் தவறினால் எல்லையும் தவறும், நாளைக்கு என் லைனில் நாலாவது பீஸ் வரும். அப்படி வந்துவிட்டால் முதல் ரிப்போர்ட்டையே நான் நம்ப மாட்டேன்.

எல்லையைச் சந்தேகத்திலிருந்து போடாதே. கடைசியாக நல்லது என்று உன்னிடம் ஆதாரம் உள்ள இடத்திலிருந்து போடு. நான்கு ஓட்டையையும் கேஜ் வைத்துப் பார்த்து ஓகே சொன்ன பதிவு எந்தத் தேதியில் இருக்கிறது?

ஓசூர்_கியூசி

9-ஆம் தேதி. அன்று நான்கு டேப்பையும் ஒன்றாக மாற்றி, செட்டிங் அப்ரூவல் பீஸில் நான்கு ஓட்டையும் கோ கேஜ் போட்டிருக்கிறோம். அதற்கு முந்தைய லாட் எல்லாம் கஸ்டமர் லைனில் தீர்ந்துவிட்டது. அதன் பிறகு மணிக்கு 5 பீஸ் செக். ஆனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அந்த 5 பீஸிலும் எல்லா ஓட்டையையும் பார்க்கிறார்களா என்று எனக்கே உறுதியாகத் தெரியவில்லை. செக் ஷீட்டில் ஓட்டை நம்பருக்கு இடமே இல்லை, ஒரே ஒரு டிக்தான்.

லைன்_பக்கம்

அப்படியானால் எல்லை 9-ஆம் தேதி. கையில் இருப்பது எல்லாமே அதற்குப் பிறகு வந்ததுதானே? 1,200 + 400 + 640 + 210 + 197, மொத்தம் 2,647. அத்தனையும் நிறுத்து. பெரிய எண்ணாகத் தெரியும், மேனேஜர் முகம் சுளிப்பார். ஆனால் ஸ்டாக் முழுவதையும் இடம் வாரியாக எண்ணி எழுதிய ரிப்போர்ட்டைப் பார்த்தால்தான் என் போன்றவர்களுக்கு நிம்மதி.

செக் ஷீட்டில் ஓட்டை நம்பர் இல்லாதது எப்படித் தப்பியது என்பதற்கான விஷயம். அதையும் முழு ரிப்போர்ட்டுக்கு வை. முழு ரிப்போர்ட்டில் ஏன் உண்டானது, ஏன் நம் கண்ணில் படாமல் வெளியே போனது என்று இரண்டு கேள்விக்கும் தனித்தனியாகப் பதில் வேண்டும். இரண்டையும் இன்று ஊகிக்காதே. ஷீட்டை மட்டும் பத்திரமாக எடுத்து வை.

டூல்ரூம்_40

நடுவில் ஒன்று சொல்கிறேன். சார்ட்டிங்கைக் கண்ணால் பார்த்துச் செய்யாதீர்கள். டேப் முழுதாக உடைந்தால் ஓட்டை மொழுமொழுவென்று இருக்கும், யார் கண்ணிலும் படும். நுனி மட்டும் போனால் மேலே நான்கைந்து த்ரெட் விழுந்திருக்கும், அடியில் இருக்காது. மேலிருந்து பார்த்தால் நல்ல பீஸ்தான். பிளேட் என்ன தடிமன்?

ஓசூர்_கியூசி

12 மி.மீ., த்ரூ ஹோல்.

டூல்ரூம்_40

அப்போது கோ பிளக் கேஜ் மறுபக்கம் வெளியே வரும் வரை ஏற வேண்டும். பிட்ச் 1.25 என்றால் ஒன்பது பத்து சுற்று. மூன்று சுற்றிலேயே "ஏறுகிறது, ஓகே" என்று எடுத்துவிடுவார்கள், பக்கத்தில் நின்று பாருங்கள். உடைந்த டேப் யார் டிராயரிலாவது கிடந்தால் தூக்கிப் போட விடாதீர்கள். உடைந்த முகத்தைப் பார்த்தாலே பாதி விஷயம் சொல்லிவிடலாம்.

லைன்_பக்கம்

இது அருமையான பாயிண்ட். த்ரெட் இல்லாத பீஸ் என் லைனைத் தாண்டாது, போல்ட் ஏறாமல் அங்கேயே மாட்டிக்கொள்ளும். பாதி த்ரெட் பீஸில் போல்ட் ஏறும், இறுக்கும் டார்க்கும் ஒருவேளை காட்டும், வண்டியில் போய்விடும். அப்படி ஒன்றாவது கிடைத்தால் 14 நாள் காத்திருக்காதே, அதே மணி நேரத்தில் போன் செய். முதல் ரிப்போர்ட்டிலும் "பாதி த்ரெட் உண்டா என்று கேஜ் வைத்துப் பார்க்கிறோம், இதுவரை இத்தனை பீஸ் பார்த்ததில் இத்தனை" என்று ஒரு வரி இருக்கட்டும்.

ஓசூர்_கியூசி

இரவு 9 மணி நிலவரப்படி எழுதியிருப்பது இது. சரியா பாருங்கள்:

"9-ஆம் தேதிக்குப் பிறகு தயாரான 2,647 பீஸும் ஐந்து இடங்களில் நிறுத்தப்பட்டன. குறையுள்ள 3 பீஸிலும் 3-ஆம் ஓட்டையில் மட்டும் த்ரெட் இல்லை. எங்கள் இடத்தில் 850 பீஸில் 520 பீஸ் நான்கு ஓட்டையிலும் முழு நீளத்துக்குக் கேஜ் செய்யப்பட்டன, குறையுள்ளவை 2, பாதி த்ரெட் 0. ஓகே பீஸில் 1-ஆம் ஓட்டை அருகே பச்சைப் புள்ளி. கஸ்டமர் ஸ்டோரில் சார்ட்டிங்குக்கு எங்கள் ஆட்கள் இருவர் காலை 6 மணிக்கு வருகிறார்கள். பச்சைப் புள்ளி உள்ள முதல் லாட் நாளை மதியம் வரும், இன்வாய்ஸ் நம்பர் அனுப்பப்படும். அடுத்த தகவல் நாளை மாலை 5 மணி."

`Probable Cause` கட்டத்தில்: "3-ஆம் ஸ்பிண்டில் தொடர்பானதாக இருக்கலாம், உறுதி செய்யப்படவில்லை. உண்டான காரணமும் தப்பிய காரணமும் முழு ரிப்போர்ட்டில்."

கோவை_டர்னிங்

சார்ட்டிங் பற்றி நான் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன், இது சரியான வழி. ஆனால் "3-ஆம் ஸ்பிண்டில் தொடர்பானதாக இருக்கலாம்" என்பதும் காரணம்தானே? அதையும் எடுத்துவிடலாமே.

லைன்_பக்கம்

எனக்கு அது பரவாயில்லை. பார்த்த விஷயத்திலிருந்து ஒரு படிதான் தள்ளி இருக்கிறது, உறுதியில்லை என்றும் சொல்லியிருக்கிறான். இதையே பிடித்துக்கொண்டு கேட்கும் ஆட்களும் எங்கள் பக்கம் உண்டு, அதை மறுக்க மாட்டேன். ரிப்போர்ட்டைப் படிக்கப்போகிறவர் யார் என்று தெரிந்தால் அதற்கேற்ப முடிவு செய். மற்றபடி அனுப்பு.

ஓசூர்_கியூசி (நான்கு நாள் கழித்து)

சார்ட்டிங் முடிந்தது. 2,647-இல் குறையுள்ளவை மொத்தம் 5, எல்லாம் 3-ஆம் ஓட்டை, பாதி த்ரெட் ஒன்றுகூட இல்லை. ஆனால் டேட் கோட் பார்த்தபோது தூக்கிவாரிப் போட்டது. 5-இல் 2 பீஸ்தான் 19-ஆம் தேதி. மற்ற 3-உம் 14-ஆம் தேதி. லைனில் முதலில் கிடைத்த மூன்றில் ஒன்று 14, இரண்டு 19. மேனேஜர் சொன்னபடி 19 நைட்டை மட்டும் நிறுத்தியிருந்தால் 14-ஆம் தேதி பீஸ்கள் கஸ்டமர் ஸ்டோரிலேயே கிடந்திருக்கும்.

14-ஆம் தேதி டேப் மாற்றியதாக ரெஜிஸ்டரில் எதுவும் இல்லை. ஷிப்ட் ஆட்களை மிரட்டாமல் உட்கார வைத்துக் கேட்டோம். டேப் மாட்டிக்கொண்டால் ஸ்பிண்டிலை ரிவர்ஸ் எடுத்துப் பீஸைப் பக்கத்தில் வைப்பார்களாம், பிறகு ரீவொர்க் செய்வார்களாம். வைக்கிற இடம் நல்ல பீஸ் டிரேயின் ஓரம். 14-ஆம் தேதிக்கு அதுதான் நடந்ததா, அல்லது டேப் உடைந்து யாரோ பதியாமல் மாற்றினார்களா என்பது இன்னும் தெரியவில்லை. டிராயரில் இரண்டு உடைந்த டேப் கிடைத்தது, எந்தத் தேதியுடையது என்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை.

டூல்ரூம்_40

இரண்டையும் போட்டோ எடுத்துப் போடுங்கள், உடைந்த முகம் நேராகத் தெரிகிற மாதிரி. முறுக்கி உடைந்ததா, அடியில் எதிலோ இடித்து உடைந்ததா என்று பார்க்கலாம். 3-ஆம் ஸ்பிண்டில் டிரில் ஓட்டையோடு நேர்கோட்டில் இருக்கிறதா என்று டயல் வைத்தும் பாருங்கள். ஒரே ஸ்பிண்டிலில் இரண்டு முறை என்றால் ஆபரேட்டரைத் தேடுவதற்கு முன் அதைத்தான் பார்க்க வேண்டும்.

ஓசூர்_கியூசி

சரி அண்ணா, நாளை ஃபர்ஸ்ட் ஷிப்டில் டயல் போட்டுவிட்டுப் போட்டோவும் போடுகிறேன். 14-ஆம் நாளுக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது.