ஆர்க்கைவில் போட்ட சாட்: ஆறு மெசேஜ் வந்தும் ஒரு சத்தம் இல்லை

நீலக்குடை

போன வாரம் எனக்கு நடந்ததை எழுதுகிறேன். ஆர்க்கைவும் ம்யூட்டும் எப்படி வேலை செய்கின்றன என்று தெரியும் என நான் நினைத்திருந்தேன். தெரியவில்லை.

அம்மா தனியாக இருக்கிறார். பகலில் ஓர் அக்கா வந்து பார்த்துக்கொள்கிறார். "மாத்திரை கொடுத்தாச்சு", "சாப்பிட்டாங்க", "தூங்குறாங்க" என்று நாளுக்குப் பத்துப் பன்னிரண்டு மெசேஜ் வாட்ஸ்அப்பில் அனுப்புவார். எனக்கு அதில் நிம்மதிதான். ஆனால் வேலை சம்பந்தமான சாட்டுகளைத் தேட முடியாமல் பட்டியல் நிரம்பிக்கொண்டே இருந்தது. அதனால் படித்து முடித்ததும் அக்காவின் சாட்டை ஆர்க்கைவ் செய்தேன். ம்யூட் செய்யவில்லை, அதை வேண்டுமென்றேதான் விட்டேன். புது மெசேஜ் வந்தால் சத்தம் வரும், சாட்டும் தானாக மேலே ஏறி வந்துவிடும் என்பது என் கணக்கு. பல வருடம் முன்னால் வைத்திருந்த போனில் அப்படித்தான் நடந்தது.

செவ்வாய்க்கிழமை காலை அக்கா எழுதியிருக்கிறார்: பிரஷர் மாத்திரை நாளையோடு முடிகிறது, வாங்கி வாங்க. அடுத்து மாத்திரை அட்டையின் போட்டோ. சாயங்காலம் "பார்த்தீங்களா தம்பி?" புதன்கிழமை இன்னும் மூன்று. மொத்தம் ஆறு. போனில் ஒரு சத்தமும் இல்லை, திரையிலும் ஒன்றும் எட்டிப்பார்க்கவில்லை. வியாழன் காலை அம்மாவுக்கு மாத்திரை இல்லை. மதியம் அக்கா வாட்ஸ்அப்பிலேயே கால் செய்தார். அது மட்டும் சரியாக அடித்தது. அப்புறம்தான் எனக்கு விஷயமே தெரிந்தது.

உடனே ஓடி மாத்திரை வாங்கிக் கொடுத்து, பிரஷரையும் பார்த்தோம். அம்மா நன்றாக இருக்கிறார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். புதன்கிழமை நான் வாட்ஸ்அப்பைத் திறந்தபோது மேலே 'Archived' என்ற வரியின் ஓரத்தில் சின்னதாக 1 என்று இருந்ததைப் பார்த்தேன். ஒரே ஒரு மெசேஜ்தானே, "தூங்குறாங்க" என்பதாகத்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன். அந்த 1 மெசேஜ் கணக்கு இல்லை, படிக்காத மெசேஜ் இருக்கும் சாட்டுகளின் கணக்கு. ஒரு சாட்டுக்குள் ஆறு மெசேஜ் இருந்தாலும் அங்கே 1 தான் தெரியும்.

செயலியைக் குறை சொல்லவில்லை. அது தன் விதிப்படி நடந்தது, எனக்குத்தான் அந்த விதி தெரியவில்லை. உங்களுக்கு இப்படி நடந்திருந்தால் சொல்லுங்கள்.

திண்ணைவாசி

அம்மா நலம் என்று படித்த பிறகுதான் மூச்சு வந்தது.

இதில் குழப்பமே இல்லை நண்பரே. ஆர்க்கைவ் செய்தாலே ம்யூட் ஆகிவிடும். எல்லாச் செயலியிலும் இதுதான் வழக்கம். நான் வேண்டாத குரூப் எல்லாவற்றையும் ஆர்க்கைவில் தள்ளி வைத்திருக்கிறேன், எதிலிருந்தும் சத்தம் வந்ததில்லை. முக்கியமானவர்களை அங்கே போடாமல் இருந்தால் போதும்.

பனையோலை

திண்ணைவாசி அண்ணா சொல்வது வாட்ஸ்அப்புக்குப் பெரும்பாலும் பொருந்தும். எல்லாச் செயலிக்கும் பொருந்தாது. நான் மூன்று செயலிகளைத் தினமும் பயன்படுத்துகிறேன், மூன்றிலும் ஆர்க்கைவ் வேறு வேறு மாதிரி நடக்கிறது.

நீலக்குடை, உங்கள் ஞாபகம் தப்பில்லை. வாட்ஸ்அப்பில் முன்பு அப்படித்தான் இருந்தது. ஆர்க்கைவில் போட்ட சாட்டில் புது மெசேஜ் வந்தால் அது பட்டியலுக்குத் திரும்பிவிடும். 2021 ஜூலையில் அதை மாற்றினார்கள். இப்போது அமைப்புகளில் Chats என்ற பகுதிக்குள் 'Keep chats archived' என்று ஒரு சுவிட்ச் இருக்கிறது. அது ஆனில் இருந்தால் சாட் ஆர்க்கைவிலேயே கிடக்கும், நோட்டிஃபிகேஷனும் வராது. நீங்கள் அந்தச் சாட்டைத் தனியாக ம்யூட் செய்தீர்களா இல்லையா என்று அது பார்ப்பதே இல்லை. உங்களுக்கு நடந்தது அதுதான். சுவிட்சை ஆஃப் செய்தால் பழைய வழக்கம் திரும்பும்: மெசேஜ் வந்ததும் சாட் மேலே வரும், ம்யூட் செய்யாத சாட் என்றால் சத்தமும் வரும்.

டெலிகிராமில் கதை தலைகீழ். அங்கே ஆர்க்கைவ் மட்டும் செய்தால், அடுத்த மெசேஜ் வந்ததும் சாட் ஆர்க்கைவை விட்டு வெளியே வந்துவிடும், சத்தமும் வரும். ஆர்க்கைவோடு ம்யூட்டும் செய்தால்தான் உள்ளேயே தங்கும். நான் இதில் ஒருமுறை ஏமாந்தேன். ஒரு குரூப்பை ஆர்க்கைவ் செய்து, கொஞ்ச நாளைக்கு மட்டும் என்று கால அளவு வைத்து ம்யூட் போட்டேன். அமைதியாக இருந்தது. அந்தக் கெடு முடிந்த பிறகு வந்த முதல் மெசேஜிலேயே குரூப் பட்டியலின் உச்சியில் வந்து உட்கார்ந்தது. ஆர்க்கைவ் உடைந்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். உண்மையில் உள்ளே பிடித்து வைத்திருந்தது ம்யூட்தான், அது போனதும் சாட்டும் வெளியே வந்துவிட்டது. ம்யூட் இல்லாத சாட்டையும் உள்ளேயே வைக்க இப்போது ஆர்க்கைவ் அமைப்பில் ஒரு தேர்வு இருக்கிறது, ஆனால் அதை நாமே போய் ஆன் செய்ய வேண்டும்.

சிக்னலும் டெலிகிராம் பக்கம்தான். ஆர்க்கைவ் செய்த சாட் புது மெசேஜ் வந்தால் திரும்பி வரும். ம்யூட் செய்த சாட்டுகளை மட்டும் உள்ளேயே வைக்க அமைப்பில் வழி உண்டு.

அதனால் ஒரு செயலியில் பழகிய கையோடு இன்னொன்றில் ஆர்க்கைவை அழுத்தும்போதுதான் மாட்டிக்கொள்கிறோம்.

திண்ணைவாசி

டெலிகிராம் நான் அதிகம் தொடுவதில்லை, அதனால் அப்படிச் சொல்லிவிட்டேன். சரி, வாட்ஸ்அப்புக்காவது நான் சொன்னது முழுக்கச் சரிதானே?

மல்லிகைப்பந்தல்

இல்லை அண்ணா. எனக்கு வாட்ஸ்அப்பிலேயே எதிர்மாறாக நடக்கிறது. அதைக் கேட்கத்தான் வந்தேன்.

குடியிருப்பவர்கள் குரூப் ஒன்றை 'Always' என்று ம்யூட் செய்து, ஆர்க்கைவிலும் போட்டிருக்கிறேன். இரண்டும் செய்தும் ராத்திரி பதினொரு மணிக்கு டிங் என்று அடிக்கிறது. தினமும் இல்லை, வாரத்தில் இரண்டு மூன்று தடவை. கைக்குழந்தையை அப்போதுதான் தூங்க வைத்திருப்பேன். போனை ரீஸ்டார்ட் செய்தேன், செயலியை அழித்து மறுபடியும் போட்டேன். ஒன்றும் மாறவில்லை.

பனையோலை

அந்த நேரத்தில் வந்த மெசேஜ்களைத் திறந்து பாருங்கள் தங்கச்சி. உங்கள் பெயரை @ போட்டுக் குறிப்பிட்டிருக்கிறார்களா? அல்லது நீங்கள் போட்ட மெசேஜை இழுத்து அதற்குக் கீழே பதில் எழுதியிருக்கிறார்களா?

மல்லிகைப்பந்தல்

இப்போது பார்த்தேன். ஆமாம். தண்ணீர்த் தொட்டி சுத்தம் செய்யும் கணக்கை நான்தான் வைத்திருக்கிறேன். அதைப் பற்றி நான் போட்ட மெசேஜுக்கு ஒவ்வொருவராகப் பதில் போட்டிருக்கிறார்கள். அடித்தது எல்லாம் அந்தப் பதில்களுக்குத்தான். நடுவில் வந்த வாழ்த்துப் படங்கள் எதற்கும் அடிக்கவில்லை. இத்தனை நாள் போன் கெட்டுவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பனையோலை

அதுதான். குரூப்பில் உங்களை நேராகக் கூப்பிட்டாலோ, உங்கள் மெசேஜுக்குப் பதில் சொன்னாலோ அந்த நோட்டிஃபிகேஷன் ம்யூட்டையும் தாண்டி வரும், ஆர்க்கைவையும் தாண்டி வரும். அப்போது 'Archived' வரியின் ஓரத்தில் எண்ணுக்குப் பதிலாக @ குறி தெரிவதையும் கவனியுங்கள். சிக்னலில் ம்யூட் செய்த குரூப்பில் பெயர் குறிப்பிட்டால் சத்தம் வேண்டுமா வேண்டாமா என்று குரூப்புக்குக் குரூப் தேர்ந்தெடுக்கலாம்.

கால் விஷயமும் தனி. சாட்டை ம்யூட் செய்தாலும் ஆர்க்கைவ் செய்தாலும் கால் வந்தால் போன் அடிக்கும். நீலக்குடைக்கு அந்தக் கால் கேட்டது அதனால்தான். ராத்திரி நேரத்துக்குப் போனின் 'Do Not Disturb' போட்டுக்கொள்ளுங்கள், குழந்தை எழாது.

மல்லிகைப்பந்தல்

ராத்திரி முழுக்க அதைப் போட முடியாது. கணவர் இரவு வேலை, அவர் அழைப்பு வர வேண்டும்.

பனையோலை

அவர் எண்ணை மட்டும் அதில் விதிவிலக்காகச் சேர்க்கலாம். சேர்த்த பிறகு அவரையே ஒருமுறை அழைக்கச் சொல்லிச் சோதித்துவிடுங்கள். சாதாரண கால், வாட்ஸ்அப் கால் இரண்டையும்.

கரும்பலகை

ஒரு கேள்வி. நாம் ஆர்க்கைவ் செய்தால் எதிரில் இருப்பவருக்குத் தெரியுமா? என் தோழி ஒருத்தியின் சாட்டை ஆர்க்கைவ் செய்தேன். அன்றிலிருந்து அவள் பேசுவதில்லை. அவளை பிளாக் செய்துவிட்டதாக நினைத்திருப்பாளோ என்று மனது கிடந்து அடித்துக்கொள்கிறது.

பனையோலை

தெரியாது. ஆர்க்கைவ், ம்யூட் இரண்டும் உங்கள் பக்கத்தில் மட்டும் நடப்பவை. அவருக்கு வழக்கம் போல இரண்டு டிக் வரும். பிளாக் செய்திருந்தால் ஒரு டிக்கோடு நின்றிருக்கும். 'Archived' உள்ளே போய்ப் பாருங்கள், அவர் எழுதிய மெசேஜ் படிக்காமல் கிடக்கலாம்.

கரும்பலகை

இருந்தது. மூன்று மெசேஜ், மூன்று வாரமாக. இப்போதே கூப்பிடுகிறேன்.

நீலக்குடை

இரண்டு டிக் என்றதும்தான் எனக்கு ஒன்று புரிகிறது. ஏன் முன்னாலேயே கால் செய்யவில்லை என்று அக்காவிடம் கேட்டபோது, "ரெண்டு டிக் வந்துச்சு தம்பி, பார்த்துட்டு வாங்கிட்டு வருவீங்கன்னு இருந்தேன்" என்றார். போனுக்கு வந்து சேர்ந்ததற்கான டிக் அது. நான் பார்த்ததற்கான நீல டிக் இல்லை. அவர் அதை நம்பிக் காத்திருந்தார், நான் வராத சத்தத்தை நம்பிக் காத்திருந்தேன்.

நேற்று ராத்திரி தம்பியை உட்கார வைத்துச் சோதித்துப் பார்த்தேன். முதலில் சாதாரணமாக ஒரு மெசேஜ் அனுப்பச் சொன்னேன், சத்தம் வந்தது. போனில் கோளாறு இல்லை என்று தெரிய வேண்டுமே. அப்புறம் அவன் சாட்டை ஆர்க்கைவ் செய்து, செயலியை மூடி, திரையை அணைத்து வைத்தேன். மெசேஜ் வந்தது, சத்தம் இல்லை. கால் வந்தது, அடித்தது. அடுத்து 'Keep chats archived' சுவிட்சை ஆஃப் செய்தேன். மெசேஜ் வந்ததும் சத்தம் வந்தது, சாட்டும் பட்டியலுக்குத் திரும்பியது.

ஆனால் சுவிட்சை மறுபடி ஆன் செய்துவிட்டேன். ஆஃபில் விட்டால் ஆர்க்கைவில் இருக்கும் முப்பது குரூப்பும் ஒவ்வொன்றாக மேலே வந்துவிடும். அதற்குப் பதில் அக்காவின் சாட்டை வெளியே எடுத்துப் பட்டியலின் உச்சியில் 'Pin' செய்தேன், அவருக்கு மட்டும் தனி ரிங்டோன் வைத்தேன். 'Pin' செய்வது இடத்தைத்தான் பிடித்து வைக்கும், சத்தத்தை மாற்றாது, அதனால்தான் டோனும் தனியாக வைத்தேன்.

திண்ணைவாசி

ஒரு சந்தேகம். குரூப்பில் பதில் போட்டால் ஆர்க்கைவைத் தாண்டி வரும் என்றீர்கள். தனிச் சாட்டில் அக்கா உங்கள் பழைய மெசேஜை இழுத்துப் பதில் போட்டிருந்தால் சத்தம் வந்திருக்குமா?

நீலக்குடை

அதைச் சோதிக்க மறந்துவிட்டேன் அண்ணா. தம்பி தூங்கிவிட்டான்.

பனையோலை

எனக்கு ஒருமுறை வந்த மாதிரி ஞாபகம், ஆனால் அதை நம்பி ஒருவர் மருந்து விஷயத்தை விட மாட்டேன். உங்கள் போன் எந்த வகை என்பதையும் சேர்த்து இங்கே எழுதுங்கள், நானும் இன்று இரவு பார்க்கிறேன்.

நீலக்குடை

சரி. அக்காவிடம் ஒன்று சொல்லிவைத்திருக்கிறேன்: மாத்திரை தீர்கிறது என்றால் எழுதுங்கள், அட்டையில் நான்கு இருக்கும்போதே கால் செய்துவிடுங்கள்.