கதவு வளையத்துக்குப் பின்னால் பின்னணி மங்க மறுக்கிறது: உதவி தேவை

இளவேனில்:
ஒரு கட்டடத்தின் நுழைவாயில் கதவிலுள்ள பித்தளை வளையம் மட்டும் துல்லியமாகத் தெரிந்து, மற்றவை மென்மையாக மங்க வேண்டும் என்று முயல்கிறேன். ஏபிஎஸ்-சி சென்சார் கேமரா, 18-55 லென்ஸ். கதவுக்கு நேர் எதிரே ஒன்றரை மீட்டர் தள்ளி நின்று, 55 மி.மீ., f/5.6 வைத்து எடுத்தால், வளையமும் அதன் பின்னாலுள்ள மரச்செதுக்கலும் ஒரே தெளிவுடன் விழுகின்றன. இதே லென்ஸில் வழி உண்டா?

மாறன்:
அந்த லென்ஸில் எதிர்பார்க்காதீர்கள். 50 மி.மீ. f/1.8 ஒன்று வாங்கி, அபெர்ச்சரை முழுவதும் திறந்து எடுத்தால் பின்னணி தானாகக் கரைந்துவிடும்.

தாமரைச்செல்வி:
மாறன் சொல்வதில் பாதி சரி. ஆனால் ஒன்றரை மீட்டரிலிருந்து f/1.8 வைத்தாலும் தெளிவாக விழும் ஆழம் ஏறக்குறைய 6 செ.மீ. இருக்கும், வளையத்துக்கும் செதுக்கலுக்கும் இடைவெளி இரண்டு மூன்று செ.மீ.தான் என்றால், இரண்டும் அதற்குள்ளேயே அடங்கிவிடும். உங்கள் f/5.6 படத்திலோ அந்த ஆழம் 16 செ.மீ.க்கும் மேல். ஆகவே லென்ஸை விட, நீங்கள் நிற்கும் இடத்தைத்தான் முதலில் மாற்ற வேண்டும்.

வளையத்திலிருந்து அரை மீட்டருக்கு நெருங்குங்கள், அதே f/5.6-இல் ஆழம் ஒன்றரை செ.மீ. அளவுக்குச் சுருங்கிவிடும். அடுத்து, நேர் எதிரே நிற்காமல், கேமராவைச் சுவரோரமாகக் கொண்டுபோய், கதவின் பரப்பு பக்கவாட்டில் விலகி ஓடும்படி பாருங்கள். அப்போது வளையத்துக்குப் பின்னால் வருவது செதுக்கல் அல்ல, சில மீட்டர் தொலைவிலுள்ள தூணோ முற்றமோதான். மங்கலை உண்டாக்குவது அந்தத் தூரமே. இவ்வளவு நெருக்கத்தில் உடல் சற்று முன்னே சாய்ந்தாலே ஃபோகஸ் தவறும் என்பதால், முக்காலி வைத்து, ஒற்றைப் புள்ளி ஃபோகஸை வளையத்தின் முன் விளிம்பில் நிறுத்துங்கள். f/1.8 லென்ஸ் கிடைத்தாலும் இந்தத் தூரத்தில் f/4 வரை மூடத்தான் நேரிடும். இல்லையெனில் வளையத்தின் முன்விளிம்பு தெளிவாகி, அதைத் தாங்கும் தகடு மங்கிவிடும்.

செழியன்:
நான் கைபேசியில் போர்ட்ரெய்ட் மோடில் எடுத்தேன். கதவு மங்கியது, ஆனால் வளையத்தின் உள்வட்டத்தில் தெரியும் மரம் மட்டும் தெளிவாகவே நிற்கிறது. இதை எப்படித் திருத்துவது?

தாமரைச்செல்வி:
அது லென்ஸ் தரும் மங்கல் அல்ல, மென்பொருள் விளிம்பைக் கணித்துப் பூசுவது. துளையுள்ள பொருள்களில் அடிக்கடி ஏமாறும். அந்த மோடை அணைத்துவிட்டு, இதே பக்கவாட்டுக் கோணத்தில் நெருங்கி எடுத்துப் பாருங்கள். மங்கல் குறைவாக இருக்கும், ஆனால் பொய்யாக இராது.

இளவேனில்:
பக்கவாட்டில் எடுத்தேன், செதுக்கல் படிப்படியாகக் கரைகிறது. இப்போது தொலைவிலுள்ள இரும்புக் கிராதியின் கம்பிகள் இரட்டைக் கோடுகளாகத் தெரிந்து கண்ணை உறுத்துகின்றன.

தாமரைச்செல்வி:
கம்பிகளும் வெயில் படும் இலைகளும் சில லென்ஸ்களில் அப்படித்தான் விழும். கேமராவை ஒரு சாண் உயர்த்தியோ தாழ்த்தியோ, நிழல் விழுந்த வெற்றுச் சுவர் பின்னால் வருமாறு அமையுங்கள். கிராதியைத் தவிர்க்கவே முடியாத இடமென்றால் உங்கள் லென்ஸ் அங்கே எப்படி நடந்துகொள்ளும் என்பதைப் படத்தைப் பார்க்காமல் சொல்ல இயலாது, ஒன்றைப் பதிவேற்றுங்கள்.