‘ஸ்டாப் லாஸ் ஆர்டர்’: தமிழில் என்ன பெயர் வைக்கலாம்?

தாராபுரத்தான் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். புதிதாகப் பங்கு வாங்கி விற்கப் பழகும் நம்ம ஊர்க்காரர்களுக்காக ஒரு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். லிமிட் ஆர்டருக்கு ‘வரம்பு ஆணை’, மார்க்கெட் ஆர்டருக்கு ‘சந்தை ஆணை’, ஸ்டாப் லாஸ் ஆர்டருக்கு ‘நட்டத்தடுப்பு ஆணை’ என்று போட்டிருக்கிறேன். முதல் இரண்டோடு ஒருவாறு ஒத்துப்போகலாம். மூன்றாவதுதான் உறுத்துகிறது. உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

கோபிக்காரர் எழுதியது:

நட்டத்தடுப்பு நன்றாகத்தானே இருக்கிறது, அதில் என்ன உறுத்தல்? யோசித்துப் பார்த்தால் தனிப்பெயரே வேண்டாம் என்றுகூடத் தோன்றுகிறது. பங்கு 420 ரூபாயில் இருக்கிறது, 400க்குக் கீழே போனால் எனக்கு வேண்டாம் என்றால், 400 ரூபாய்க்கு விற்க ஒரு வரம்பு ஆணை போட்டு வைக்கிறேன். விலை அங்கே வந்ததும் விற்றுவிடும். ஆக, இதுவும் வரம்பு ஆணையில் ஒரு வகைதான்.

கோவை டீலர் எழுதியது:

அண்ணா, தயவுசெய்து அப்படிப் போட்டுவிடாதீங்க. 420 ஓடும்போது 400க்கு விற்க லிமிட் போட்டால், அது 400 வரும்வரை காத்திருக்காது. ‘400க்குக் குறையாமல் எவ்வளவு கொடுத்தாலும் சரி’ என்பதுதான் அதன் பொருள். 419.90க்கு வாங்க ஆள் நின்றால், அந்த நொடியே 419.90க்கு விற்றுப் போய்விடும். தரகு அலுவலகத்தில் டீலராக இருந்த காலத்தில் இப்படி விற்றுவிட்டுத் திகைத்து நின்றவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன்.

ஆனால் வரம்பு ஆணை உள்ளே ஒளிந்திருக்கிறது என்ற அளவில் நீங்கள் சொன்னது சரி. திரையில் SL என்று வருவதில் இரண்டு விலை கேட்கும். ஒன்று, ஆர்டரைத் தட்டி எழுப்பும் விலை. இன்னொன்று, எழுந்தபின் எதற்குக் குறைந்து விற்கக்கூடாது என்ற விலை. எழும்வரை அது சந்தையின் வரிசையிலேயே இருக்காது. தனி ஏட்டில் தூங்கும், வாங்குகிறவர் கண்ணுக்கும் படாது. கடைசியாக நடந்த வியாபாரத்தின் விலை அந்த முதல் விலையைத் தொட்டாலோ தாண்டினாலோதான் சாதாரண லிமிட் ஆர்டராக வரிசைக்கு வரும்.

கோளாறு அங்கேதான். 300 பங்கு வைத்திருக்கிறீர்கள், எழுப்பு விலை 400, விற்பனை விலை 398 என்று வைப்போம். மத்தியானம் காலாண்டு முடிவு வந்து, 403இல் ஓடிய பங்கு அடுத்த வியாபாரத்திலேயே 394க்குக் குதிக்கிறது. இடையில் 400க்கோ 398க்கோ வியாபாரமே நடக்கவில்லை. 394 என்பது 400க்குக் கீழ், ஆகவே ஆர்டர் எழுந்துவிட்டது. ஆனால் இப்போது வாங்க நிற்பவர்களில் அதிகம் கொடுப்பவர் 393.50தான் தருகிறார். நம்முடையதோ 398க்குக் குறையாது. அப்படியே வரிசையில் நிற்கும். பங்கு 370க்குப் போனாலும் நிற்கும். திரையில் ‘டிரிகர் ஆகிவிட்டது’ என்று பார்த்து விற்றுவிட்டது என நினைத்துச் சாப்பிடப் போனவர், மூன்றரைக்கு வந்து பார்த்தால் 300 பங்கும் கையிலேயே இருக்கும். எதைத் தடுத்தது இந்த நட்டத்தடுப்பு?

தாராபுரத்தான்:

இதைத்தான் உறுத்துகிறது என்றேன். அதே இடத்தில் SL-M போட்டிருந்தால்?

கோவை டீலர்:

விற்றிருக்கும், ஆனால் 400க்கு இல்லை. 394 கண்டதும் எழுந்து, மார்க்கெட் ஆர்டராக இறங்கும். 393.50க்கு 100 பங்கு, 392க்கு 120, 389க்கு 200 என்று ஆட்கள் நிற்கிறார்கள் என்று வையுங்கள். முதல் இருவரிடமும் உள்ளதை முடித்து, மிச்சம் 80 பங்கை 389க்குத் தள்ளும். சராசரி 391.70 விழும். 400 என்று எண்ணியிருந்தவருக்கு 2,490 ரூபாய் குறைவு. ஆள் நெருக்கமாக நிற்கிற பெரிய கம்பெனிப் பங்கில் இந்த வித்தியாசம் பைசாக் கணக்கில் இருக்கும், சின்னப் பங்கில்தான் வலிக்கும்.

இன்னொன்று, ஆள் இல்லாத ஆப்ஷன்களில் இந்த SL-M எக்குத்தப்பான விலைக்கெல்லாம் போய் விழுந்ததால், என்.எஸ்.இ. 2021இல் ஆப்ஷன்களுக்கு அதை நிறுத்திவிட்டது. பி.எஸ்.இ. 2023இல் SL-Mஐயே எடுத்துவிட்டது. கையேட்டில் இதைப் போடுங்கள், இல்லாவிட்டால் அந்தப் பொத்தானைத் தேடுவார்கள்.

கரூர்க்காரி எழுதியது:

நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். நான் திங்கட்கிழமை ஸ்டாப் லாஸ் போட்டேன். செவ்வாய் காலையில் பங்கு விழுந்தது, ஆர்டரையே காணோம். தரகு நிறுவனத்தார்தான் எடுத்துவிட்டார்கள் என்று நினைக்கிறேன். இதற்கு எங்கே புகார் கொடுப்பது?

கோவை டீலர்:

புகார் வேண்டாம்மா, யாரும் எடுக்கவில்லை. அந்த ஆர்டர் அன்றைய நாளுக்கு மட்டும்தான். சந்தை மூடியதும் நிறைவேறாதது தானாக ரத்தாகிவிடும், மறுநாள் புதிதாகப் போட வேண்டும். மாதக்கணக்கில் நிற்கும் என்று சில செயலிகளில் ஒரு வசதி உண்டு. ஆனால் அது நிறுவனத்தின் கணினியில் காத்திருப்பது, விலை வந்தபிறகுதான் சந்தைக்கே போகும்.

மஞ்சள்காட்டார் எழுதியது:

ஈரோட்டில் மஞ்சளைக் கொண்டுபோய் வைப்பவன் நான். ஏலத்தில் வந்த விலை கட்டவில்லை என்றால் விற்காமல் வைத்துக்கொள்வோம். உங்கள் லிமிட் ஆர்டரும் அதுதானே? அதற்கு ‘கட்டுபடி ஆணை’ என்று வையுங்களேன். விற்கிறவனுக்கும் வாங்குகிறவனுக்கும் அவரவர் கட்டுபடி உண்டு. வரம்பு என்றால் மேலேயா கீழேயா என்று எனக்கு விளங்கவில்லை. மார்க்கெட் ஆர்டருக்கு ‘வந்த விலை ஆணை’. சந்தை விலை என்று எழுதினால் ஏதோ ஒரே விலை இருக்கிற மாதிரி ஆகிவிடும். மேலே அந்த 300 பங்கு மூன்று விலைக்குப் போனதைப் பார்த்தோமே.

கோபிக்காரர்:

வந்த விலை அருமை. அவசரமாகத் தள்ளிவிடுகிறோம் என்ற தொனியும் அதிலேயே வந்துவிடுகிறது. கட்டுபடி ஆணையை வேகமாகப் படித்தால் கட்டுப்பாட்டு ஆணை மாதிரி இருக்கிறது. எனக்கு வரம்புதான் பழகிவிட்டது. போகட்டும், ஸ்டாப் லாஸுக்குக் ‘காத்திருப்பு ஆணை’ என்றால் என்ன?

கோவை டீலர்:

வரம்பு ஆணையும்தானே காத்திருக்கிறது அண்ணா. அது ஏட்டில் எல்லோரும் பார்க்கக் காத்திருக்கிறது, இது தூங்கிக்கொண்டு காத்திருக்கிறது. பெயரில் எழுப்புவது வர வேண்டும். ‘தூண்டல் ஆணை’ என்றால் சரியாக இருக்கும், அதன் முதல் விலை ‘தூண்டு விலை’. SL என்பது தூண்டல் வரம்பு ஆணை, SL-M தூண்டல் வந்த விலை ஆணை. நட்டம் என்ற சொல்லையே எடுத்துவிடலாம். வாங்கவும் இதைப் போடுகிறார்கள். 420இல் இருக்கிற பங்கு 430ஐத் தாண்டினால்தான் வாங்குவேன் என்று போட்டால், அங்கே எந்த நட்டத்தைத் தடுக்கிறோம்?

கரூர்க்காரி:

தூண்டல் சரி. ஆனால் நட்டம் என்ற சொல் இல்லாவிட்டால் என்னைப் போன்றவர்கள் அந்தப் பக்கத்தைத் திறக்கவே மாட்டோம். அப்புறம் ஒரு சந்தேகம். அன்றைக்கு அதற்குக் கீழே போக விடாத கீழ் சர்க்யூட் விலையில் பங்கு பூட்டிக்கொண்டால், வந்த விலை ஆணையாவது விற்குமா?

கோவை டீலர்:

விற்காதுங்க. வாங்க ஆளே இல்லாதபோது வருவதற்கு விலை ஏது? உங்களுக்கு முன்னால் விற்க நிற்பவர்களுக்குப் பின்னால் வரிசையில் நிற்க வேண்டியதுதான்.

தாராபுரத்தான்:

தூண்டல் ஆணை, தூண்டு விலை, வந்த விலை ஆணை மூன்றையும் எடுத்துக்கொள்கிறேன். தலைப்பில் மட்டும் ‘ஸ்டாப் லாஸ் எனப்படும் தூண்டல் ஆணை’ என்று போட்டுவிடுகிறேன். வரம்பா கட்டுபடியா என்று இன்னும் முடிவாகவில்லை. மஞ்சள்காட்டார் ஐயா, வாங்குகிறவர் பக்கத்துக்கும் கட்டுபடி ஒட்டுகிற மாதிரி ஒரு வாக்கியம் எழுதி அனுப்ப முடியுமா?